நூற்றுக்குப் பத்துப் பைசா: ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கைக் குழுவுக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு மடல்

பணக் கொள்கைக் குழுவின் ஆறு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், வீட்டில் பேச்சு தமிழ். வேலந்தாவளத்தில் எல்லை தாண்டினால் தமிழ்நாடு, கோபாலபுரம் வழியாகப் போனால் பொள்ளாச்சி. தென்னை, கள், பால், கொஞ்சம் காய்கறி, இவைதான் எங்கள் பிழைப்பு. கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பால் சொசைட்டியில் பணம் போட்ட பிறகு தருகிறேன் என்று சொல்லித்தான் மூட்டையைத் தூக்குவார்கள்.

2025 பிப்ரவரியில், வங்கிகளுக்கு நீங்கள் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான ரெப்போ வட்டியை 6.5 சதவீதத்திலிருந்து 6.25 ஆக்கினீர்கள். ஏப்ரலில் 6, ஜூனில் ஒரே தாவலில் 5.5, டிசம்பரில் 5.25. ஒரே ஆண்டில் ஒன்றேகால் சதவீதம். ஜூன் மாதம் அது டிவியில் ஓடியபோது, கடைக்கு எதிரே இட்லிக்கடை போட்டிருக்கும் அக்கா என்னிடம் கேட்டார்: “ஏனுங்க தம்பி, வட்டி கொறஞ்சிருச்சாமா? நம்ம லைன்காரருக்குத் தெரியுமாங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் எழுந்ததுதான் இந்த மடல். நீங்கள் குறைக்கும் வட்டி கடைசி ஆள் வரைக்கும் போய்ச் சேர்வதை வட்டிக் கடத்தல் என்று எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் கடத்தல் என்றால் செக்போஸ்ட்டைத் தாண்டும் ரேஷன் அரிசிதான். அது தவறாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உங்கள் சரக்குத்தான் வழியில் நின்றுவிடுகிறது.

அக்காவின் கணக்கைச் சொல்கிறேன். அவர் எடுப்பது லைன் பணம், பத்தாயிரம் ரூபாய்ச் சீட்டு. கையில் கிடைப்பது ஒன்பதாயிரம். ஆயிரத்தை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் நாளுக்கு நூறு வீதம் நூறு நாள். கேட்டால் “பத்துக்கு ஆயிரம்தானுங்களே, பத்து பர்சண்டு” என்பார்கள். ஒன்பதாயிரமும் நூறு நாள் முழுக்க அவர் கையில் இருந்தால்கூட அந்தக் கணக்கை ஓரளவு ஒத்துக்கொள்ளலாம். மறுநாளே நூறு திரும்பப் போகிறது, அடுத்த நாள் இன்னொரு நூறு. ஐம்பதாம் நாள் பாதிதான் மிச்சம். சராசரியாகப் பார்த்தால் அவர் கையில் இருந்த கடன் நாலாயிரத்து ஐந்நூறைச் சுற்றித்தான் வரும். நாலாயிரத்து ஐந்நூறுக்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் என்றால், ஆண்டுக் கணக்கில் 80 சதவீதத்தை ஒட்டி வருகிறது.

80 சதவீதம் என்றதும் கந்துவட்டிக் கொடுமை என்று தலைப்புப் போட்டு முடித்துவிடுவார்கள். கொடுமை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால், உங்கள் வட்டிக் குறைப்பு ஏன் இங்கே எடுபடவில்லை என்பது புரியாது. அந்த ஆயிரம் ரூபாய் எதெதற்குப் போகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவுக்கு வரும் லைன்காரர் என் கடைத் திண்ணையில்தான் டீ குடிப்பார். ஒருநாள் அவரையே கேட்டேன். ஆயிரத்தில் ஏறக்குறைய முந்நூற்றைம்பது, வசூலுக்கு வரும் பையனின் சம்பளத்துக்கும் பெட்ரோலுக்கும் போய்விடுகிறது. நூறு ரூபாயை வாங்க நூறு முறை வண்டி வர வேண்டுமே. இருநூற்றைம்பது, ஓடிப்போகிறவர்கள் கணக்கு. எல்லை தாண்டி வேலைக்குப் போனவர் திரும்பாமல் இருந்துவிடுவார், இல்லையென்றால் கடையைப் பூட்டிவிடுவார். முந்நூறு, அவர் வெளியில் வாங்கிய முதலுக்கு. மாமனாரிடமும் பங்காளிகளிடமும் ரெண்டு வட்டிக்கு வாங்கியிருக்கிறார், அதாவது நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். மிச்சம் நூறு ரூபாய் அவருடைய லாபம். லாபத்தைக் குறைத்துச் சொல்லியிருப்பார், அது வியாபாரி குணம். ஆனால் மற்ற மூன்றும் எனக்குத் தெரிந்த கணக்கோடு ஒத்துத்தான் போகிறது.

இப்போது உங்கள் ஒன்றேகால் சதவீதத்தை இதற்குள் கொண்டுவந்து வைக்கிறேன். அது அந்த முந்நூறு ரூபாயைத்தான் தொட முடியும். பையனின் சம்பளத்தையோ பெட்ரோலையோ ஓடிப்போகிறவரையோ ரெப்போ தொடாது. ஒரு பேச்சுக்கு, மாமனார் மனமிரங்கி ஒன்றேகால் சதவீதமும் குறைத்துக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். நாலாயிரத்து ஐந்நூறுக்கு நூறு நாளில் அது பதினைந்து ரூபாய் சொச்சம். நாளுக்குப் பதினைந்து பைசா. முழுதாக அக்காவுக்கே விட்டுக்கொடுத்தாலும், நூறு ரூபாய்த் தவணை தொண்ணூற்றொன்பது ரூபாய் எண்பத்தைந்து பைசா ஆகும். காலையில் இட்லித் தட்டுகளுக்கு நடுவே நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறவருக்கு அந்தப் பையன் எதைச் சில்லறையாகத் தருவான்? இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்டன.

இது கேலிக்குச் சொன்னதல்ல. எங்கள் பக்கத்தில் வட்டியை ஆண்டுச் சதவீதத்தில் யாரும் பேசுவதில்லை. ஒண்ணரை வட்டி, ரெண்டு வட்டி, மூணு வட்டி, அஞ்சு வட்டி என்றுதான் பேச்சு. நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்று அர்த்தம். இதில் ஒரு படி இறங்குவதென்றால் அரை ரூபாய். அரை ரூபாய் என்பது ஆண்டுக்கு 6 சதவீதம். ஓர் ஆண்டு முழுக்க நீங்கள் கூடிக் கூடிக் குறைத்தது, இந்தப் பேச்சில் நூற்றுக்குப் பத்துப் பைசா. படி அரை ரூபாய் உயரத்தில் இருக்கும்போது பத்துப் பைசாவால் எதுவும் நகராது. ரூபாய் கணக்கில் வட்டி பேசும் வரைக்கும் கால் சதவீதம், அரை சதவீதம் எல்லாம் எங்கள் காதுக்கு எட்டாத சத்தம்தான்.

சரி, வங்கிக்குள் வந்து சேர்ந்த வட்டிக் குறைப்பு எங்கே நின்றது? இதில் என் குற்றத்தையும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

எனக்கு ஒரு வங்கியில், வேண்டும்போது ஆறு லட்சம் ரூபாய் வரை எடுத்துக்கொள்ளும் கடன் கணக்கு இருக்கிறது. சிறு தொழில் கடன் என்பதால் 2019 அக்டோபரில் நீங்கள் போட்ட விதிப்படி அது ரெப்போவோடு கட்டப்பட்டது. நீங்கள் குறைத்த மூன்று மாதத்துக்குள் எனக்கும் குறைந்தது. கணக்கு முழுக்கப் பயன்பட்டால் ஆண்டுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சம். இது வரைக்கும் உங்கள் வேலை கச்சிதம். உங்கள் புள்ளிவிவரத்தில் நான் வட்டிக் கடத்தல் நடந்தேறிய ஆளாகத்தான் பதிவாகியிருப்பேன்.

ஆனால் நானும் கடன் கொடுக்கிறவன்தான். கடையில் ஒரு மூட்டைத் தீவனம் ரொக்கத்துக்கு 1,500 ரூபாய் என்றால், ஒரு மாதக் கடனுக்கு 1,540. இதை யாரும் வட்டி என்று சொல்வதில்லை, கடன் விலை என்போம். நாற்பது ரூபாயை ஆண்டு வட்டியாக மாற்றினால் 32 சதவீதம் வருகிறது. எனக்குக் குறைந்ததை அப்படியே விவசாயிக்குக் கொடுத்திருந்தால் மூட்டைக்கு ஒண்ணரை ரூபாய் குறைத்திருக்க வேண்டும். 1,538 ரூபாய் ஐம்பது பைசா என்று எந்தத் தீவனக் கடைக்காரன் எழுதிப்போடுவான்? நான் எழுதவில்லை. அந்த ஏழாயிரத்து ஐந்நூறு, கடையில் வாராக் கடனாக நின்ற ரெண்டு மூன்று பேர் கணக்கில் கரைந்துபோனது.

இதைவிட வெட்கமான ஒன்றும் உண்டு. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை நீங்கள் 4 சதவீதத்திலிருந்து 6.5 வரை ஏற்றினீர்கள். அப்போது என் கணக்குப்படி மூட்டைக்கு மூன்று ரூபாய்தான் கூட்டியிருக்க வேண்டும். நான் 1,530-ஐ 1,540 ஆக்கினேன். ஏறும்போது பத்தாக முழுமைப்படுத்துகிறோம், இறங்கும்போது பூஜ்யமாக. என்னைப் போன்ற கடைகள் இந்தச் சாலையில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். வட்டி வங்கி வாசல் வரை வந்து, அங்கிருந்து ரொக்கமாகவும் கடன் விலையாகவும் மாறும் இடத்தில் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவாகிவிடுகிறது.

ரொக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் எங்கள் தெருவில் வசூலாகும் நூறு ரூபாய்த் தாள்கள் சாயங்காலம் அடுத்த தெருவில் புதுச் சீட்டாக மாறிவிடுகின்றன. அந்தத் தாள் வங்கிப் பக்கம் திரும்புவதே இல்லை. அதனால் வங்கியில் போட்டிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்ற கேள்வி லைன்காரருக்கு எழுவதில்லை. அவருக்கு மாற்று இன்னொரு தெரு, இல்லையென்றால் ஒரு சென்ட் நிலம்.

வைப்பு வட்டி இறங்கியதில் ஒரு விசித்திரமும் நடந்தது. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், எனக்குப் பெரியப்பா முறை, டெபாசிட்டைப் புதுப்பிக்கப் போனார். போன தடவையைவிட வட்டி முக்கால் சதவீதம் குறைவு என்றதும் மனம் விட்டுப்போய், ரெண்டு லட்சத்தை எடுத்து இதே லைன்காரரிடம் ஒண்ணரை வட்டிக்குக் கொடுத்துவிட்டார். லைனுக்கு முதல் கூடியது. வட்டி குறைந்ததா? இல்லை. புதிதாக ஒரு தெரு சேர்ந்தது. முன்பு “உனக்கு வேண்டாம்” என்று தட்டிக்கழித்தவர்களுக்கும் இப்போது சீட்டு கிடைக்கிறது. ஒரே ஒரு வீட்டுக் கதைதான், இதை வைத்து நாட்டுக்குச் சட்டம் எழுதச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் திறந்த குழாய்த் தண்ணீர் இப்படியும் பாயும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் சந்தையில் வட்டி அசைவதில்லை. அசைவது கிடைக்கிற பணத்தின் அளவு. 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றபோது லைன் பல வாரம் நின்றது. திரும்பி வந்தபோதும் அதே பத்துக்கு ஆயிரம்தான், ஆனால் ஐயாயிரத்துக்கு மேல் யாருக்கும் சீட்டு இல்லை. 2014-இல் கேரள போலீஸ் குபேரா என்ற பெயரில் பிளேடுகாரர்களைத் தேடித் தேடிப் பிடித்தபோதும் (வட்டிக்காரருக்கு மலையாளத்தில் பிளேடு என்றே பெயர், பொருத்தமான பெயர்தான்) இதே கதை. வட்டி மாறவில்லை, பணம்தான் எல்லைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.

2025-இல் நடந்ததும் இந்த வகைதான். நீங்கள் வட்டியைக் குறைத்துக்கொண்டே வந்த அதே மாதங்களில், வாராக் கடன் பெருகியதால் குழுக் கடன் நிறுவனங்கள், ஏற்கெனவே மூன்று நிறுவனத்தில் கடன் உள்ளவருக்கு மேற்கொண்டு கொடுப்பதில்லை என்று தங்களுக்குள் வரம்பு வைத்தன. அளவுக்கு மீறிக் கடன் ஏறாமல் இருக்க அது தேவையான வரம்பு என்றே நினைக்கிறேன். ஆனால் நான்காவது குழுவில் இருந்து மூன்றாவது குழுத் தவணையைக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எங்கே போவார்கள்? லைன் வண்டிக்குத்தான். ஆண்டுக்கு இருபது சொச்சம் சதவீதத்திலிருந்து எண்பதுக்கு. மும்பையில் வட்டி இறங்கிய ஆண்டில் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் கொடுக்கும் சராசரி வட்டி ஏறியது இப்படித்தான். உங்கள் அட்டவணையில் இது எந்த வரியில் வரும்?

உண்மையில் அந்த ஆண்டு எங்களுக்குக் கிடைத்த பணத் தளர்வு உங்களிடமிருந்து வரவில்லை, தங்கத்திடமிருந்து வந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் ஆபரணத் தங்கம் கிராம் ஏழாயிரத்துச் சொச்சம். ஆண்டு முடிவில் பன்னிரண்டாயிரத்தை ஒட்டி. மதிப்பில் முக்கால் பங்கு வரை கடன் என்று கணக்கிட்டால், ஒரு பவுன் சங்கிலிக்கு முன்பு நாற்பத்து மூவாயிரம் கிடைத்த இடத்தில் எழுபதாயிரத்துக்கு மேல். அடகுக் கடையில் வட்டி குறையாவிட்டாலும், அடகில் இருக்கும் அதே சங்கிலியைக் காட்டி மேல்பணம் வாங்கியவர்கள் எங்கள் கடை பாக்கியையே மொத்தமாக அடைத்தார்கள். நகை இல்லாதவருக்கு அதுவும் இல்லை. எதிர்க்கடை அக்காவின் சங்கிலி மகள் கல்யாணத்தில் போய்விட்டது.

உங்களிடம் நான் கேட்பது ரெண்டே விஷயம்.

வட்டிக் கடத்தல் இத்தனை சதவீதம் நடந்திருக்கிறது என்று நீங்கள் சொல்லும் கணக்கு, வங்கிகள் கொடுத்த கடனின் சராசரி வட்டியை வைத்துப் போடுவது. வெளியே உள்ள கடனைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் தேசிய மாதிரி ஆய்வின் கடன் கணக்கெடுப்புத்தான். அது 2013-க்கு அப்புறம் 2019-இல் நடந்தது. கிராமத்து வீடுகளின் கடன் பாக்கியில் மூன்றில் ஒரு பங்கு வங்கிக்கும் சொசைட்டிக்கும் வெளியே இருப்பதாக அதுதான் சொன்னது. ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால், ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் முடிவு என்ன செய்தது என்று எப்படித் தெரியும்? ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடுகளில் போய் விலைவாசி எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களே, அதோடு இதையும் கேளுங்கள். ஆனால் “என்ன வட்டிக்கு வாங்கினீர்கள்” என்று கேட்காதீர்கள். அக்கா பத்து சதவீதம் என்பார். என்னிடம் தீவனம் வாங்கியவர் வட்டியே இல்லை என்பார். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கையில் எவ்வளவு வந்தது, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கட்டுகிறீர்கள், மொத்தம் எத்தனை தடவை, இந்த மூன்றை மட்டும் கேட்டால் போதும். பொருளாக வாங்கியிருந்தால் ரொக்க விலையையும் கடன் விலையையும் கேளுங்கள். வட்டியை உங்கள் ஆட்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதோடு, கேட்டது கிடைத்ததா, பாதிதான் கிடைத்ததா என்றும் ஒரு கேள்வி. இறுக்கம் முதலில் தெரிவது அந்தப் பதிலில்தான்.

இன்னொன்று, வட்டியைக் குறைப்பதைவிடச் சின்னக் கடனை வங்கிக்குள் இழுப்பது. அக்காவிடம் ஜன் தன் கணக்கு இருக்கிறது. ஆறு மாதம் ஒழுங்காக நடந்த கணக்குக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை மிகைப்பற்று, அதாவது இருப்புக்கு மேல் எடுத்துக்கொள்ளும் கடன், கொடுக்கலாம் என்று 2018 முதல் இருக்கிறது. சீட்டுத் தொகையும் சரியாகப் பத்தாயிரம்தான். அவர் ஒரு கிளையில் போய்க் கேட்டார், அப்படி ஒன்று இங்கே கொடுப்பதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மேலாளர் பக்கமும் நியாயம் இருக்கலாம். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க் கடனுக்குப் பின்னால் ஓடினால் அவருக்கும் அந்த முந்நூற்றைம்பது ரூபாய்ச் செலவு உண்டே. அதனால் வசூல் செலவைக் குறைக்கிற வழிதான் வேண்டும். பாலக்காட்டில் 2018-இல் தொடங்கிய முற்றத்தெ முல்லை என்ற திட்டத்தில் கூட்டுறவு வங்கி பணம் தந்து, குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுப் பெண்கள் வீட்டு வாசலில் கொடுத்து, வாரா வாரம் வாங்கி வருகிறார்கள், ஆண்டுக்கு 12 சதவீதம். அங்கே பெட்ரோலும் இல்லை, ஓடிப்போகிறவர் யாரென்று பக்கத்து வீட்டுக்காரிக்கு முன்கூட்டியே தெரியும். எண்பதிலிருந்து பன்னிரண்டு. அறுபத்தெட்டு சதவீதப் புள்ளி இறக்கம், ரெப்போவைத் தொடாமலே. அதன் வரம்பும் எனக்குத் தெரியும். சொசைட்டி வலுவாக உள்ள ஊரில்தான் அது ஓடும். எல்லைக்கு அந்தப் பக்கம் முகவரி உள்ளவருக்குக் கிடைக்காது, எங்கள் பக்கத்தில் ரெண்டு முகவரிக்காரர்கள் நிறைய. மேலும் லைன்காரர் அதிகாலையிலேயே தருவார், கூட்டம் கூடித் தீர்மானம் போட மாட்டார். அந்த வேகம் வேறெங்கும் வரவில்லை.

அக்காவின் இப்போதைய சீட்டில் இன்னும் இருபத்திரண்டு நாள் பாக்கி. அது முடிந்த மறுநாள் அடுத்த ஒன்பதாயிரத்தை வாங்கிவிடுவார், கேஸ் சிலிண்டரும் உளுந்தும் காத்திருக்கின்றன. அவர் கேட்டதற்கு, லைன்காரருக்குத் தெரியும் அக்கா, ஆனா அது நம்ம கணக்குல பத்துப் பைசாதான் என்று சொல்லியிருக்கிறேன். “அதையாச்சும் குடுக்கச் சொல்லுங்க” என்றார்.

இப்படிக்கு,
தீவனக் கடைக்காரன்,
கொழிஞ்சாம்பாறை